பியூஸ் போகல, ஆனா டீவி போயிருச்சு

ஜூன் ஜூலை காத்து எங்க பக்கம் எப்பிடின்னு ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா ஆக்களுக்கு சொல்லத் தேவையில்ல. தகரம் பறக்கும், டர்பன்டைன் மரம் லைன் மேல சாயும், ராத்திரி கரண்ட் போகும், வரும், போகும். அப்பிடி ஒரு ராத்திரியில ஒரு லயத்துல நடந்ததத்தான் எழுதுறேன். கீழ் வரிசையில ஒரு காம்பராவுல டீவி 'டப்'புன்னு சத்தம் போட்டு பொக வந்து நின்னுபோச்சு, அதே வரிசையில வேற வீடுகள்ல எல்ஈடி பல்ப் ரெண்டு மூணு வெடிச்சுது. மேல் வரிசையில அதே நேரம் பழைய குண்டு பல்ப் ஒன்னு கம்பி மட்டும் செவப்பா தெரியிற அளவுக்கு மங்கிப்போய் கெடந்துச்சு, பிரிட்ஜ் ஒன்னு ஸ்டார்ட் எடுக்க முடியாம ம்ம்ம்னு மொனகிக்கிட்டு இருந்துச்சு. எந்த வீட்லயும் பியூஸ் போகல. ட்ரிப் சுவிட்சும் விழல.

மறுநாள் நான் வயரிங் பாக்கப் போனப்ப ஏ லெவல் படிக்கிற ஒரு பொடியன் என்கிட்ட கேட்டான், "அண்ணே, கரண்ட் கொறஞ்சா எல்லாருக்கும் கொறையணும், கூடினா எல்லாருக்கும் கூடணும், ஒரே போஸ்ட்ல இருந்து வர்ற கரண்ட் எப்பிடி இங்க கூடி அங்க கொறையும்?" சரியான கேள்வி. பெரியவங்க எல்லாம் "ஷோர்ட் ஆகிருச்சு"ன்னு முடிச்சுட்டாங்க, அவன் மட்டும் விடல. அவனுக்கு சொன்னத கொஞ்சம் நெதானமா இங்க எழுதுறேன், ஏன்னா அன்னிக்கு நடந்தது ஷோர்ட் இல்ல, அதுக்கு நேர் எதிரான ஒன்னு, அது புரியணும்னா மொதல்ல ஷோர்ட் ஆனா மத்த வீட்டுக்கு என்ன ஆகும்னு தெரிஞ்சிருக்கணும்.

லைன எப்பிடி மனசுல வச்சுக்கணும்னா, ஸ்டோருக்கு பக்கத்துல ட்ரான்ஸ்போமர், அங்க இருந்து தேயிலை மலைக்கு நடுவுல போஸ்ட் போஸ்ட்டா கம்பி மேல ஏறி லயத்துக்கு வருது. நம்ம நாட்டுல ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல 230 வோல்ட். கம்பிக்கு ரெசிஸ்டன்ஸ் இல்லன்னு பள்ளிக்கூடத்துல படம் போடுறப்ப நெனச்சுக்கலாம், மலையில முடியாது. தூரம் கூடக் கூட போற கம்பியும் வர்ற கம்பியும் சேர்ந்து ஒரு அளவு ரெசிஸ்டன்ஸ் சேர்ந்துக்கிட்டே வரும். கணக்கு லேசா இருக்கட்டும்னு ட்ரான்ஸ்போமர்ல இருந்து லயத்தோட கடைசி போஸ்ட் வரைக்கும் போய்ட்டு திரும்பி வர்ற வழி மொத்தம் 1 ஓம்னு வச்சுக்கங்க. நீளமான தோட்டத்து லைனுக்கு இது ஒன்னும் அநியாயமான கணக்கு இல்ல.

இப்ப அந்த கடைசி போஸ்ட்ல காத்துக்கு பேஸ் கம்பியும் நியூட்ரல் கம்பியும் ஒன்னோட ஒன்னு நல்லா ஒட்டிக்கிச்சுன்னு வைங்க. அதுதான் ஷோர்ட். ஒட்டின எடத்துல ரெண்டு கம்பிக்கும் நடுவுல ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட பூஜ்யம், அதனால எவ்வளவு ஆம்பியர் ஓடினாலும் அந்த எடத்துல வோல்டேஜ் பூஜ்யம்தான், V = I × R, R பூஜ்யம்னா முடிஞ்சுது. அப்ப 230 வோல்ட் எங்க போச்சு? ட்ரான்ஸ்போமர் குடுக்குறத நிப்பாட்டல, அது வழி நெடுக கம்பியிலயே செலவாகுது. 230 வோல்ட், வழியில இருக்குற 1 ஓம், ஆக 230 ஆம்பியர் ஓடும். சாதாரணமா ராத்திரி எட்டு மணிக்கு அந்த லைன்ல பத்து இருவது ஆம்பியர் ஓடும், அது இப்ப 230.

இங்கதான் பக்கத்து வீட்டுக்காரனோட கதை வருது. பாதி வழியில ஒரு வீடு லைன் எடுத்திருக்குன்னா, அந்த வீட்டுக்கு வர்றதுக்குள்ள அர ஓம், அதுல 230 ஆம்பியர் ஓடுறப்ப 115 வோல்ட் விழுந்துரும், மிச்சம் 115தான் அவருக்கு. ட்ரான்ஸ்போமருக்கு பக்கத்துலயே, பத்துல ஒரு பங்கு வழியில இருக்குற கிளார்க் வீட்டுக்கு 23 வோல்ட்தான் விழும், அவருக்கு 207 இருக்கும், லைட் லேசா மங்கும், அவ்வளவுதான். ஷோர்ட் ஆன அந்த கடைசி போஸ்ட்ல லைன் எடுத்த வீடுகளுக்கு ஒன்னுமே வராது, ஏன்னா ஒட்டின எடத்துலயே வோல்டேஜ் பூஜ்யம், அதுக்கு மேல குடுக்க ஒன்னும் இல்ல. ஆக ஒரே லைன்ல ஒருத்தருக்கு 207, ஒருத்தருக்கு 115, ஒருத்தருக்கு இருட்டு. ஷோர்ட்டுக்கு கிட்டப் போகப் போக வோல்டேஜ் எறங்கிக்கிட்டே போகும். நான் லைன் பழுது தேடுறப்ப மொதல்ல ஆக்கள்கிட்ட கேக்குறது இதத்தான், உங்க வீட்ல எவ்வளவு மங்கிச்சு, ஸ்டோர் பக்கம் எவ்வளவு மங்கிச்சு. பதில வச்சே பழுது எந்தப் பக்கம்னு பாதி புடிச்சுறலாம்.

ஆம்பியர் எங்க கூடுதுன்னும் கவனிங்க. ட்ரான்ஸ்போமருக்கும் ஷோர்ட்டுக்கும் நடுவுல இருக்குற கம்பியில மட்டும்தான் அது தாறுமாறா ஓடுது. பாதி வழி வீட்டுக்குள்ள போற ஆம்பியர் கூடாது, கொறையும், அவருக்கு வர்ற வோல்டேஜே பாதிதான, அவரோட குண்டு பல்ப்பும் கேத்தலும் முன்னவிட கம்மியாத்தான் இழுக்கும். "ஷோர்ட் ஆகி எங்க வீட்டுக்குள்ள கரண்ட் கூடி வந்துருச்சு"ன்னு சொல்றவங்க நெறைய பேர், அந்த பேஸ்ல இருக்குற வீட்டுக்கு அப்பிடி வராது. வேற பேஸ்ல இருக்குற வீட்டுக்கு ஒரு சங்கதி இருக்கு, அது பின்னால வருது.

வீட்டுக்குள்ள ஷோர்ட் ஆனா கத ரொம்ப சின்னது. அயன் வயர் தேஞ்சு ரெண்டு கம்பியும் தொட்டுச்சுன்னா அந்த வீட்டு ப்ரேக்கர் கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள விழுந்துரும், பக்கத்து வீட்ல லைட் ஒரு தரம் கண் சிமிட்டும், அதோட சரி. 20 ஆம்பியர் சி டைப் ப்ரேக்கர்னா 100ல இருந்து 200 ஆம்பியருக்குள்ள உடனே விழணும்னுதான் அத செஞ்சிருக்காங்க, நம்ம லயத்துல 230 கெடைக்குது, போதும். ஆனா அதே ஷோர்ட் வெளிய லைன்லயே நடந்தா அத வெட்டுறது ட்ரான்ஸ்போமர் அடியில இருக்குற பியூஸ். அது மொத்த லயத்துக்கும் கரண்ட் போற பியூஸ், அதனால பெருசா போட்டிருப்பாங்க, 160 ஆம்பியர்னு வைங்க. 230 ஆம்பியர் பாத்தவுடனே அது போயிரும்னு நெனைக்கிறீங்களா? இந்த மாதிரி பியூஸ் தன்னோட அளவுக்கு 1.6 மடங்கு, அதாவது 256 ஆம்பியர் ஓடினாத்தான் ரெண்டு மணி நேரத்துக்குள்ள கட்டாயம் போகணும்னு கணக்கு. 230க்கு அது போகலாம், போகாமலும் இருக்கலாம். அதுக்குள்ள கம்பியில ஐம்பது கிலோவாட்டுக்கு மேல சூடா போய்க்கிட்டு இருக்கும். தூரத்து லைன்ல ஷோர்ட் ஆனா பொறி பறக்குது, லைட் எல்லாம் மங்குது, ஆனா கரண்ட் கட் ஆக மாட்டேங்குதுன்னு ஆக்கள் சொல்றது பொய் இல்ல, வழி நீளமா இருக்குறதாலயே ஷோர்ட் பலவீனமாகி பியூஸ ஏமாத்துது.

சரி, இதுல பாத்தீங்கன்னா ஷோர்ட் நடந்த பேஸ்ல எல்லாருக்கும் வோல்டேஜ் கொறையத்தான் செய்யுது. டீவி வெடிச்சதுக்கு இது பதில் இல்ல. அதுக்கு ஓப்பனுக்கு வரணும்.

ஓப்பன்னா கம்பி அறுந்து வழி இல்லாமப் போறது. பேஸ் கம்பி நடுவுல அறுந்துச்சுன்னா அந்தப் பக்கம் முழுக்க இருட்டு, இந்தப் பக்கம் ஒன்னும் ஆகாது, சொல்லப்போனா அறுந்த பக்கத்து லோட் கழிஞ்சதால மிச்ச வீடுகளுக்கு ஒன்னு ரெண்டு வோல்ட் கூடக் கெடைக்கும். எல்லாருக்கும் தெரிஞ்சது. கொஞ்சம் யோசிக்க வேண்டியது ஒரு வீட்டுக்கு வர்ற நியூட்ரல் கம்பி மட்டும் அறுந்தா என்ன ஆகும்கிறது.

வீட்ல ஒன்னும் எரியாது. ஆனா டெஸ்டர எடுத்து ப்ளக் ஓட்டையில வச்சுப் பாத்தா ரெண்டு ஓட்டையிலயும் எரியும். புதுசா வேல பழகுற பொடியன்கள் இத பாத்து பயந்துருவாங்க, "ரெண்டு பக்கமும் லைவ் வருது, பேஸ் ரெண்டு வந்துருச்சு"ன்னு. ரெண்டு பேஸ் எல்லாம் வரல. பேஸ் ஒரு ஓட்டைக்கு நேரா வருது. வீட்ல எங்கயோ ஒரு பல்ப் சுவிட்ச் போட்டபடி இருக்கு, அந்த பல்ப்போட கம்பி வழியா அதே பேஸ் நியூட்ரல் பக்கத்துக்கும் வந்துருச்சு. வழி அறுந்ததால ஆம்பியர் பூஜ்யம், ஆம்பியர் இல்லன்னா பல்ப்புல வோல்டேஜ் விழாது, V = I × R தான் மறுபடியும், இந்த தடவ I பூஜ்யம். பல்ப்புக்கு இந்தப் பக்கமும் 230, அந்தப் பக்கமும் 230, நடுவுல வித்தியாசம் இல்ல, அதான் எரியல. அந்த 230 முழுசும் எங்க நிக்குதுன்னா கம்பி அறுந்த எடத்துல, ரெண்டு நுனிக்கும் நடுவுல. எரியாத வீட்ல கரண்ட் இல்லன்னு நெனச்சு, நியூட்ரல்தானன்னு அந்த நுனிய கையில புடிச்சவன அடிக்கும். எங்க பக்கம் அப்பிடி அடி வாங்குன வயர்மேன்கள் இருக்காங்க.

ஷோர்ட்ல வோல்டேஜ் செத்து ஆம்பியர் கூடுது, ஓப்பன்ல ஆம்பியர் செத்து வோல்டேஜ் முழுசா அந்த இடைவெளியில போய் ஒக்காருது. இந்த ரெண்டாவத மறக்காம வச்சுக்கிட்டு வாங்க, இப்ப அந்த லயத்துக்குப் போவோம்.

அந்த லயத்துக்கு வந்தது ஒரு பேஸ் இல்ல, ரெண்டு பேஸும் ஒரு நியூட்ரலும். மூணாவது பேஸ் வேற வழியா வேற லயத்துக்குப் போகுது. கீழ் வரிசை வீடுகள் செவப்பு பேஸ்ல, மேல் வரிசை மஞ்ச பேஸ்ல, நியூட்ரல் ரெண்டு பேருக்கும் பொது. ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230, ஆனா பேஸுக்கும் பேஸுக்கும் நடுவுல 460 இல்ல, 400, ரெண்டும் ஒரே நேரத்துல ஏறி எறங்குறது இல்ல, ஒன்னுக்குப் பின்னால ஒன்னு வருது, அதனால 230 ஐ 1.732 ஆல பெருக்கினா வர்றதுதான் கணக்கு. நியூட்ரல் நல்லா இருக்குற வரைக்கும் இந்த 400ஐப் பத்தி எந்த வீட்டுக்கும் கவலை இல்ல, கீழ் வரிசையில யார் என்ன போட்டாலும் மேல் வரிசைக்கு கிட்டத்தட்ட 230தான்.

லயத்துக்கு முந்தின போஸ்ட்ல அந்தப் பொது நியூட்ரல் அறுந்துருச்சு. ரெண்டு பேஸும் அப்பிடியே வருது. கீழ் வரிசை வீடுகளோட நியூட்ரலும் மேல் வரிசை வீடுகளோட நியூட்ரலும் லயத்துக்குள்ள இன்னும் ஒன்னோட ஒன்னு சேர்ந்துதான் இருக்கு, ட்ரான்ஸ்போமருக்குப் போற வழி மட்டும்தான் இல்ல. அப்ப கரண்ட் என்ன பண்ணும்? செவப்பு பேஸ்ல இருந்து கெளம்பி கீழ் வரிசை சாமான் எல்லாத்துக்குள்ளயும் போய், பொது நியூட்ரலுக்கு வந்து, அங்க இருந்து போக வழி இல்லாம மேல் வரிசை சாமானுக்குள்ள புகுந்து மஞ்ச பேஸுக்குப் போயிரும். கீழ் வரிசையும் மேல் வரிசையும் 400 வோல்ட்டுக்கு நடுவுல ஒன்னுக்குப் பின்னால ஒன்னா மாட்டிக்கிச்சு. இனி யாருக்கு எவ்வளவு வோல்ட்னு ட்ரான்ஸ்போமர் முடிவு பண்ணாது, அந்த ரெண்டு வரிசையும் அந்த நேரத்துல என்ன சாமான் போட்டிருக்குங்கிறதுதான் முடிவு பண்ணும்.

எண்ண வச்சே பாப்போம். கீழ் வரிசையில லைட்டும் டீவியுமா மொத்தம் 200 வாட். மேல் வரிசையில ஒருத்தர் தேத்தண்ணிக்கு கரண்ட் கேத்தல் போட்டிருக்காரு, அதோட சேத்து 2000 வாட்னு வைங்க. ரெசிஸ்டன்ஸ் எடுக்கணும்னா 230 ஐ 230 ஆல பெருக்கி வாட்டால வகுக்கணும், கீழ் வரிசைக்கு 264 ஓம் சொச்சம், மேல் வரிசைக்கு 26 ஓம் சொச்சம். ரெண்டும் சேந்து 291 ஓம். 400 வோல்ட்ட அதால வகுத்தா 1.37 ஆம்பியர். இப்ப அந்த ஒரே ஆம்பியர் ரெண்டு பக்கமும் ஓடுறதால கீழ் வரிசையில விழுறது 364 வோல்ட், மேல் வரிசையில 36 வோல்ட். கேத்தல் வச்சவருக்கு தண்ணி வெதுவெதுப்பாக் கூட ஆகாது. கேத்தலே இல்லாத கீழ் வீட்டு டீவிக்கு 364.

கயிறு இழுக்குற போட்டியில கயித்தோட நடுவ ஒரு கம்பத்துல கட்டிவச்சா ரெண்டு பக்கம் எவ்வளவு இழுத்தாலும் நடு நகராது, கம்பத்த புடுங்கிட்டா பலமா இழுக்குறவன் பக்கம் நடு போயிரும். நியூட்ரல்தான் அந்த கம்பம். பலமா இழுக்குறது கேத்தல், அதனால நடு அது பக்கமா நகர்ந்து அதோட வோல்டேஜ் சுருங்கி, சும்மா லைட்டு ரெண்டு போட்டவன் பக்கம் நீண்டுபோச்சு. பாவம் செஞ்சவனுக்கு இல்ல, ஒன்னும் போடாதவனுக்குத்தான் அடி விழுது, இதுல எந்த நியாயமும் கெடையாது.

இதுலயே ஒரு வேடிக்க. மேல் வீட்டுக்காரர் "கேத்தல் சூடாகல"ன்னு சலிச்சுக்கிட்டு ஆஃப் பண்றாரு. மேல் வரிசையில இப்ப ஒரே ஒரு 60 வாட் குண்டு பல்ப்தான் மிச்சம், அது 882 ஓம். கீழ் வரிசை அதே 264. மறுபடி வகுத்துப் பாத்தா கீழ் வரிசைக்கு 92 வோல்ட், மேல் வரிசைக்கு 308. ஒரு சுவிட்ச் தட்டினதுல ரெண்டு பக்கமும் எடம் மாறிருச்சு. அன்னிக்கு ராத்திரி ஒரு அக்கா சொன்னது எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு, "மேல எதையோ போடுறாங்க, இங்க லைட்டு பளீர்னு ஆகுது, அவங்க நிப்பாட்டினா இங்க செத்துப்போகுது"ன்னாங்க. அத கேட்டவங்க அவங்களுக்கு பிரமைன்னுட்டாங்க. அவங்க பாத்ததுதான் மிகச் சரியான அடையாளம்.

உண்மையில டீவியும் எல்ஈடியும் கேத்தல் மாதிரி நேரான ரெசிஸ்டன்ஸ் இல்ல, வோல்டேஜ் கொறஞ்சா கூடுதலா ஆம்பியர் இழுத்து சமாளிக்கப் பாக்குற சாதி, அதனால எண்ணு இப்பிடியே அச்சா வராது. ஆனா எந்தப் பக்கம் கூடும், எந்தப் பக்கம் கொறையும்கிறதுக்கு இந்தக் கணக்கு போதும்.

டீவி ஏன் வெடிச்சுதுன்னா, அதுக்குள்ள வர்ற கரண்ட் மொதல்ல டீசியா மாறி ஒரு பெரிய கெப்பாசிட்டர்ல ஏறும். 230 வோல்ட்டோட உச்சி 325, அதனால அந்த கெப்பாசிட்டர 400, 450 வோல்ட் தாங்குற மாதிரி போடுவாங்க. 364 வோல்ட் வந்தா உச்சி 515. அந்த 'டப்' சத்தமும் பொகையும் அதோட மூடி பிளந்தது. எல்ஈடி பல்ப்புலயும் இதே கத சின்ன அளவுல. கொறஞ்ச பக்கத்துல பிரிட்ஜ் மொனகினது வேற மாதிரி, மோட்டார் சுத்த பலம் பத்தாம நின்ன எடத்துலயே ஆம்பியர் இழுத்து சூடாகுது, அதுக்குள்ள இருக்குற சூட்டு சுவிட்ச் கட் பண்ணும், ஆறினதும் மறுபடி முயற்சி பண்ணும், விட்டா காயில் கருகும். கூடின பக்கம் ஒரு செக்கன்ல போகுது, கொறஞ்ச பக்கம் மெதுவா போகுது.

இனி பியூஸ் ஏன் போகலன்னு கேட்டா, கணக்குலயே பதில் இருக்கு. கீழ் வரிசை மொத்தத்துக்கும் ஓடினது 1.37 ஆம்பியர், சாதாரணமா ஓடுறது 0.87. எந்த பியூஸுக்கு இந்த வித்தியாசம் தெரியும்? பியூஸும் ப்ரேக்கரும் ஆம்பியர மட்டும்தான் பாக்கும், வோல்டேஜ் எவ்வளவுன்னு அதுக்குத் தெரியாது. ட்ரிப் சுவிட்ச் பாக்குறது வீட்டுக்குள்ள போன ஆம்பியரும் திரும்பி வந்த ஆம்பியரும் சமமாங்கிறத, இங்க ரெண்டும் சமம், பேஸ்ல போனது நியூட்ரல்ல ஒழுங்கா வெளிய வந்துருது, வீட்டுக்கு வெளிய அது எங்க போகுதுன்னு அதுக்கு அக்கறை இல்ல. ஷோர்ட்ட கண்டுபுடிக்க வீடு நெறைய காவல் வச்சிருக்கோம், நியூட்ரல் ஓப்பனுக்கு நம்ம லயத்து போர்டுல ஒரு காவலும் இல்ல. அதனாலதான் என்னக் கேட்டா நான் ஷோர்ட்டவிட இதுக்குத்தான் பயப்படுவேன்.

மொத சொன்ன அந்த மிச்ச சங்கதி. பேஸும் நியூட்ரலும் ஒட்டின ஷோர்ட்ல 230 ஆம்பியர் நியூட்ரல் கம்பி வழியாத்தான் திரும்புது, அதனால கடைசி போஸ்ட்ல நியூட்ரலே 115 வோல்ட் நகர்ந்து நிக்கும். அந்த எடத்துல வேற பேஸ் எடுத்த வீட்டுக்கு அந்த நேரத்துல 230 இல்ல, 300 தாண்டி வரும். ஆக ஷோர்ட்லயும் ஒரு பக்கம் மங்கி இன்னொரு பக்கம் பளீர்னு ஆகலாம். வித்தியாசம் என்னான்னா ஷோர்ட்ல அது கம்பி ஒட்டியிருக்குற வரைக்கும்தான், பொறி பறக்கும், மங்கின பக்கம் என்ன போட்டாலும் மங்கலாவே இருக்கும். நியூட்ரல் ஓப்பன்னா சத்தமே இல்லாம மணிக்கணக்கா இருக்கும், ஒவ்வொருத்தர் சுவிட்ச் தட்டுறப்பவும் ஆடும்.

மீட்டர் வச்சுப் பாத்தா சந்தேகமே வராது. நம்ம நாட்டு வீடுகள்ல எர்த்துக்கு வீட்டுப் பக்கத்துலயே தனியா ராட் அடிச்சிருக்கோம், அது நியூட்ரலோட சேரல, அதனால நியூட்ரல் அறுந்தாலும் எர்த் அதே எர்த்தா இருக்கும். மெயின் சுவிட்சுக்கு மேல் பக்கம், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல வச்சா 300, 350ன்னு காட்டும், இல்லன்னா 50, 90ன்னு காட்டும். அதே பேஸ எர்த்தோட வச்சா 230 பக்கம் ஒழுங்கா காட்டும். நியூட்ரல எர்த்தோட வச்சா ஒன்னு ரெண்டு வோல்ட் இருக்க வேண்டியது, நம்ம கேத்தல் கணக்குல 200 வோல்ட் கிட்ட நிக்கும். பேஸ் சரி, நியூட்ரல்தான் எடம் மாறி நிக்குதுன்னு அந்த மூணு அளவும் சேந்து சொல்லிரும். மீட்டர் பழக்கம் இல்லாதவங்க இத செய்ய வேணாம், மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணுங்க, அது பேஸ் நியூட்ரல் ரெண்டையும் வெட்டுற சுவிட்சா இருந்தா வீட்டுக்குள்ள இருக்குற சாமான் பொழச்சுரும், பக்கத்து வீட்டுக்கும் ஓடிப்போய் சொல்லுங்க, அப்பறம் பில்லுல இருக்குற நம்பருக்கு எடுங்க. ஒரு வீடு மட்டும் ஆஃப் பண்ணினா மத்தவங்களுக்கு இன்னும் கூடலாம் கொறையலாம், அதனால லயமே ஒன்னா ஆஃப் பண்றதுதான் சரி.

லைன் பாக்குற ஆக்கள் வந்து போஸ்ட்ல ஏறிப் பாத்தப்ப நியூட்ரல் அறுந்தது கம்பியோட நடுவுல இல்ல, ஜொயின்ட்ல. அலுமினிய லைன்ல செப்புக் கம்பி நேரா முறுக்கி வச்சிருந்த பழைய ஜொயின்ட். அலுமினியமும் செப்பும் நேரா தொட்டு, அதுல ஈரமும் பட்டா அலுமினியம் அரிச்சுக்கிட்டே போகும், எங்க ஊர்ல வருஷத்துல பாதி நாள் மிஸ்ட்டும் தூறலும்தான. கையில குடுத்த அந்தத் துண்ட நான் பாத்தேன், வெள்ளையா மாவு மாதிரி பொடி, நடுவுல கருகின தடம், செப்புக் கம்பி இன்னும் பளபளன்னு இருக்கு, அலுமினியந்தான் பாதி இல்ல. அதுக்குன்னு தனி கிளாம்ப் இருக்கு, ரெண்டு உலோகத்தையும் நேரா தொட விடாது, இப்ப அதத்தான் போட்டாங்க.

இப்பிடி ஒரு ஜொயின்ட் ஒரே நாள்ல அறுறது இல்ல, மொதல்ல லூசாகும். லூசான காலத்துலயே கண்டுபுடிக்க ஒரு வழி இருக்கு, அத மட்டும் எல்லாரும் தெரிஞ்சுக்கணும். கேத்தலோ அயனோ போட்டா லைட் லேசா மங்குறது எல்லா லைன்லயும் உள்ளதுதான், தூரத்து லைன்ல இன்னும் கூட. ஆனா யாரோ ஒருத்தர் கேத்தல் போட்டா உங்க வீட்டு லைட் மங்காம *பளீர்னு கூடுதுன்னா*, நியூட்ரல் எங்கயோ வலுவா இல்லன்னு அர்த்தம். நல்ல நியூட்ரல் இருக்குற லைன்ல அடுத்த வீட்டு லோட் உங்க லைட்ட கண்ணுக்குத் தெரியிற அளவுக்கு கூட்டாது. அன்னிக்கு அந்த அக்கா சொன்னது காத்து ராத்திரிக்கு முன்னாலயே ரெண்டு மூணு வாரமா லேசா நடந்துக்கிட்டுதான் இருந்திருக்கு.

வோல்டேஜ் கூடினாலும் கொறஞ்சாலும் வெட்டுற ஒரு சின்ன சாமான் இப்ப ஹட்டன் கடைகள்லயே கெடைக்குது, போர்டுல ப்ரேக்கர் பக்கத்துல மாட்டலாம், அது ஆம்பியர பாக்காது, வோல்டேஜத்தான் பாக்கும். இந்தப் பழுதுக்கு வீட்டுக்குள்ள உருப்படியான காவல்னா அதுதான். சாதாரண ஸ்டெபிலைசர நம்பாதீங்க, 364 வந்தா அது தானே கருகும்.

கடைசியா ஒன்னு. நியூட்ரல் வராத அந்த ரெண்டு நாள்ல ஒரு மாமா என்கிட்ட மெதுவா கேட்டாரு, "தம்பி, எர்த் ராட்ல இருந்தே நியூட்ரல் எடுத்துக்கலாமா? பேஸ்தான் வருதே."

"ராட் எத்தன ஓம் மாமா?"

"அது யாருக்குத் தெரியும்."

நம்ம மலையில கல்லும் மண்ணுமா இருக்குற எடத்துல அடிச்ச ராட் 50 ஓம்னு வச்சுக்கிட்டாலும், கேத்தல் 26 ஓம், ரெண்டும் 230க்கு நடுவுல வரிசையா நிக்குது, 3 ஆம்பியர் ஓடும், கேத்தலுக்கு 80 வோல்ட், ராட்டுக்கு 150. கேத்தல் கொதிக்காது, 150 வோல்ட் ராட்டுலயும் அத சுத்தின மண்ணுலயும் நிக்கும், அந்த ராட்டோட சேந்த எல்லா சாமானோட தகரத்துலயும் நிக்கும். ட்ரிப் சுவிட்ச் இருந்தா போட்டவுடனே விழும், போன ஆம்பியர் திரும்பி வரலன்னு. விழுதேன்னு அதையும் கழட்டிப்போட்டு நேரா குடுக்குற ஆக்களும் இருக்காங்க. மாமாவோட ராட் இருக்குறது பீலிக்குப் பக்கத்துல, காலையில லயத்துப் பொம்பளைகள் எல்லாம் வெறுங்காலோட தண்ணி புடிக்கிற எடம். அத சொன்னதும் அவர் லாம்பு எண்ணெய் எவ்வளவு விலைன்னு கேட்டாரு.